நடுவழியில் லாரி மாறினால்: இ-வே பில்லை யார், எப்போது, எப்படித் திருத்துவது

ராத்திரி பதினொரு மணிக்கு டிரைவர் அழைத்தால் அது நல்ல செய்தியாக இருந்ததில்லை. லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். "கியர் பாக்ஸ் போய்விட்டது, வேறு வண்டி பிடித்திருக்கிறோம், சரக்கை மாற்றிவிடவா?" என்று கேட்பார். இதற்குத் தூக்கக் கலக்கத்தில் "மாற்றிவிடு, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் அதுதான் தவறான பதில். சரி என்று சொல்வதற்கு முன்னால், சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. ஆவணமான இ-வே பில்லில் வண்டி எண்ணை மாற்றும் வேலை கணினியில் பாக்கி இருக்கிறது. பழகியவருக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும்.

திருப்பூரிலிருந்து ஐதராபாத்துக்குப் போகும் ஒரு லோடை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதன் கூடவே போகிறேன். லாரி எண்களைக் கடைசி நான்கு இலக்கத்தால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

லோடும் பில்லும்

சரக்கு பின்னலாடை, 4,200 டி-ஷர்ட்டுகள், 120 அட்டைப் பெட்டிகள். ஒன்று 200 ரூபாய் வீதம் இன்வாய்ஸ் மதிப்பு 8,40,000 ரூபாய். வேறு மாநிலத்துக்குப் போவதால் 5 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி., அதாவது 42,000 ரூபாய். மொத்தம் 8,82,000. மாநிலம் கடந்து போகும் சரக்குக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். (தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு மட்டும் இந்த வரம்பு ஒரு லட்சம்.)

இ-வே பில் இரண்டு பாகம். பகுதி ஏ-யில் இன்வாய்ஸ் எண், தேதி, மதிப்பு, எச்.எஸ்.என். குறியீடு, அனுப்புபவர், பெறுபவர், இரு பக்கத்துப் பின்கோடு ஆகியவை இருக்கும். பகுதி பி-யில் வண்டி எண்ணும், நாம் எல்.ஆர். என்று சொல்லும் லாரி ரசீதின் எண்ணும் இருக்கும். பகுதி ஏ ஒருமுறை பதிவானால் பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அதில் தப்பு இருந்தால் 24 மணி நேரத்துக்குள் ரத்துசெய்து புதிதாகப் போட வேண்டும். வழியில் அதிகாரி ஏற்கெனவே சோதித்துவிட்ட பில்லை ரத்துசெய்யவும் முடியாது. பகுதி பி அப்படியல்ல. சரக்கு போய்ச் சேரும்வரை அதை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். வண்டி வழியில் மாறும் என்று தெரிந்தே இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள்.

பாதை எங்கே வருகிறது என்று கேட்கலாம். எந்த ரோட்டில் போக வேண்டும் என்று பில்லில் எழுதுவதில்லை. இரண்டு பின்கோடுகளை வைத்துக் கணினி தூரத்தைக் கணக்கிடுகிறது. அந்தத் தூரத்தை வைத்துப் பில்லின் ஆயுளை முடிவுசெய்கிறது. 200 கி.மீ.க்கு ஒரு நாள், மிச்சம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதற்கும் ஒரு நாள். நம் லோடுக்குத் தூரம் 890 கி.மீ. என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஐந்து நாள் கிடைக்கும். திங்கள் மாலை ஐந்து மணிக்குப் பில் போட்டால் முதல் நாள் செவ்வாய் நள்ளிரவில்தான் முடிகிறது. அப்படி எண்ணிக்கொண்டு போனால் சனிக்கிழமை நள்ளிரவுவரை பில் செல்லும்.

பாதையின் இன்னொரு தடயம் சுங்கச்சாவடியில் இருக்கிறது. 2021 ஜனவரியிலிருந்து ஃபாஸ்டேக் பதிவுகள் இ-வே பில் அமைப்போடு இணைக்கப்பட்டிருக்கின்றன. பில்லில் இருக்கும் வண்டி எந்தச் சாவடியை எப்போது தாண்டியது என்று அதிகாரியால் பார்க்க முடியும். "பக்கத்து ஊர்தானே, பழைய நம்பரிலேயே போய்விடலாம்" என்கிற பழைய துணிச்சல் இப்போது எடுபடாததற்கு இதுதான் காரணம்.

கூட்டியில் நின்ற லாரி

4718 செவ்வாய் காலை ஆறு மணிக்குக் கிளம்பியது. சேலம், ஓசூர், பெங்களூரு தாண்டி, அனந்தபூர் கடந்து, இரவு பதினொரு மணிக்கு ஆந்திராவின் கூட்டி அருகே நின்றுவிட்டது. ஐதராபாத்துக்கு இன்னும் சுமார் 300 கி.மீ. இருக்கிறது. பக்கத்திலிருந்த லாரி நிறுத்தத்தில் காலியாக நின்ற 2063 என்ற ஆந்திர வண்டியை டிரைவர் பேசி வைத்துவிட்டார்.

ஜி.எஸ்.டி. விதி 138-இன் ஐந்தாவது உட்பிரிவு இந்த இடத்துக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது. சரக்கு ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, மாற்றுவதற்கும் மேற்கொண்டு நகர்வதற்கும் முன்பே பகுதி பி-யைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. "முன்பே" என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டிகளை ஏற்றி முடித்து, கயிறு கட்டி, டீ குடித்துவிட்டு ஆபீஸுக்குச் சொல்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் ரோந்து வண்டி வந்தால் 2063-இல் இருக்கும் சரக்குக்குப் பில் 4718 பெயரில் இருக்கும். ஒவ்வொரு பதிவும் எந்த நேரத்தில் செய்யப்பட்டது என்பது பில்லிலேயே அச்சாகும். சோதனைக்கு நிறுத்திய பிறகு அவசரமாகப் போட்ட பதிவு எத்தனை மணிக்குப் போட்டது என்பதும் அதிகாரியின் கண்ணில் படும்.

எனவே நான் டிரைவர்களுக்குச் சொல்லி வைத்திருப்பது ஒன்றே: புது வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, நான் "ஏற்று" என்று சொல்லும்வரை முதல் பெட்டியைத் தொடாதே. எண்ணைப் போனில் வாயால் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டாம். பி-யும் டி-யும் ராத்திரி நேரத்துப் போனில் ஒன்றாகத்தான் கேட்கும்.

பதிவு செய்யும் உரிமை யாருக்கு

புது வண்டிக்காரர் தானே பதிவுசெய்துகொள்வார் என்று நினைக்க வேண்டாம். அவரால் முடியாது. பில்லில் டிரான்ஸ்போர்ட்டர் என்று யாருடைய அடையாள எண் இருக்கிறதோ அவருடைய கணக்கிலிருந்துதான் பகுதி பி-யைத் தொட முடியும். டிரான்ஸ்போர்ட்டர் யாரையும் குறிக்காமல் சரக்குக்காரரே வண்டி பிடித்து அனுப்பியிருந்தால் அந்த வேலை பில் போட்டவருடையது. நம் லோடில் புக்கிங் ஆபீஸின் எண் இருக்கிறது. 2063 நாம் வாடகைக்குப் பிடித்த வண்டி மட்டுமே, பொறுப்பு நம்மிடமே இருக்கிறது. ஆகவே நாம்தான் போட வேண்டும்.

கதை வேறு மாதிரியும் போகலாம். இனி இந்த லோடை ஆந்திராவிலுள்ள வேறொரு டிரான்ஸ்போர்ட் நிறுவனம் தன் பொறுப்பில் எடுத்துப் போகிறது என்றால், முதலில் `Update EWB Transporter` பகுதியில் அவர்களுடைய எண்ணுக்குப் பில்லை மாற்றிக்கொடுக்க வேண்டும். அதன் பிறகு வண்டி எண்ணை அவர்கள்தான் போடுவார்கள். மாற்றிக்கொடுத்த கையோடு நம் உரிமை போய்விடும், திரும்பப் பறிக்க முடியாது. அந்த ஆபீஸில் அந்த நேரத்தில் கணினி முன்னால் ஆள் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்ட பிறகு மாற்றுவது நல்லது. ஒருமுறை நான் கேட்காமல் மாற்றிக்கொடுத்துவிட்டு, அவர்கள் கடை திறக்கும்வரை சரக்கோடு டிரைவரைப் பெட்ரோல் பங்கில் உட்காரவைத்தேன். காலை பத்தேகால் மணிக்குத்தான் அவர்கள் வந்தார்கள்.

திரையில் செய்ய வேண்டியது

`ewaybillgst.gov.in` தளத்தில் உள்ளே போய், இடப்பக்க மெனுவில் `e-Waybill` என்பதன் கீழ் `Update Part B/Vehicle` என்பதைத் திறக்க வேண்டும். பன்னிரண்டு இலக்க இ-வே பில் எண்ணைக் கொடுத்துப் பில்லைத் தேர்ந்தெடுத்தால் படிவம் வரும். நம் லோடுக்கு அதில் நிரப்பியது இது:

```
Mode         : Road
Vehicle No   : 2063-இன் முழு எண், இடைவெளி இல்லாமல்
From Place   : Gooty
From State   : ANDHRA PRADESH
Reason       : Due to Break Down
Remarks      : Gear box failure
```

தவறு அதிகம் நடப்பது `From Place`-இல். பழக்கத்தில் எல்லோரும் திருப்பூர் என்று போட்டுவிடுகிறார்கள். அங்கே கேட்பது சரக்கு முதலில் கிளம்பிய ஊரை அல்ல, புது வண்டி சரக்கை வாங்கிக்கொள்ளும் ஊரை. திருப்பூர் என்று போட்டால் 2063 திருப்பூரிலிருந்தே ஓடி வந்ததாகப் பதிவாகும். அந்த வண்டி தமிழ்நாட்டின் எந்தச் சுங்கச்சாவடியையும் தாண்டியிருக்காது. சரியாகச் செய்த ஒரு மாற்றத்துக்கு நாமே சந்தேகத்தை வரவழைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

காரணம் என்ற கட்டத்தில் உள்ளதைப் போட்டால் போதும். வண்டி பழுதானால் `Due to Break Down`. திட்டப்படியே ஒரு கிடங்கில் பெரிய வண்டியிலிருந்து வேறு வண்டிக்கு மாற்றினால் `Due to Transshipment`. பகுதி பி-யை முதன்முதலில் நிரப்பும்போது மட்டும் `First Time`. சமர்ப்பித்த பிறகு பில்லைப் புதிதாக அச்சிட்டுப் பாருங்கள். அடியிலுள்ள அட்டவணையில் இப்போது இரண்டு வரி இருக்கும்: 4718 திருப்பூரிலிருந்து, 2063 கூட்டியிலிருந்து, இரண்டுக்கும் பதிவு நேரமும் பதிவுசெய்தவர் எண்ணும். பழைய வரி அழியாது, அழியவும் கூடாது. லோடு வந்த வழியைச் சொல்வதே அந்த இரண்டு வரிகள்தான். அந்த பி.டி.எஃப். டிரைவரின் போனுக்குப் போனதும் "ஏற்று" என்று சொல்லலாம்.

எண்ணில் ஓர் எழுத்து தப்பாக விழுந்துவிட்டதா? அதே படிவத்தில் சரியான எண்ணை மறுபடி போடுங்கள். மூன்றாவதாக ஒரு வரி சேரும், கடைசி வரியே செல்லும். கவனிக்காமல் வண்டி கிளம்பி வழியில் பிடிபட்டால், ஒன்றிரண்டு இலக்கப் பிழையை அதிகாரிகள் பெரிய குற்றமாக எடுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட மத்திய சுற்றறிக்கை (எண் 64) சொல்கிறது. அப்படிப்பட்ட சிறு பிழைக்கு ஐ.ஜி.எஸ்.டி.யில் ஆயிரம் ரூபாய் அபராதம். சுற்றறிக்கையின் எண்ணை டிரைவரின் கைப்பைக்குள் ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் 4718 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2063 நின்றால் அதை எழுத்துப் பிழை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிரிவு 129-க்குப் போகும். சரக்குக்கு உரியவர் முன்வந்தால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். நம் லோடில் 84,000 ரூபாய். உரியவர் வராவிட்டால் சரக்கு மதிப்பில் பாதி அல்லது வரியின் இரு மடங்கு, எது அதிகமோ அது. வரி ஒழுங்காகக் கட்டப்பட்ட சரக்காக இருந்தும் ஒரு வண்டி எண்ணுக்காக இவ்வளவு போகும்.

செய்யக் கூடாத "திருத்தங்கள்"

பில்லை ரத்துசெய்துவிட்டுப் புது லாரி எண்ணோடு இன்னொன்று போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை எப்போதும் வரும். வேண்டாம். நம் கதையில் 24 மணி நேரம் செவ்வாய் மாலை ஐந்து மணிக்கே முடிந்துவிட்டது. அது முடியாவிட்டாலும் செய்யக் கூடாது. புதிய பில் சரக்கு திருப்பூரிலிருந்து செவ்வாய் நள்ளிரவில் கிளம்புவதாகச் சொல்லும். அதே இன்வாய்ஸ் சரக்கை ஏற்றிய லாரி அன்று பகல் முழுக்கச் சுங்கச்சாவடிகளைத் தாண்டியிருக்கும். இரண்டையும் பொருத்திக் காட்ட நம்மிடம் விளக்கம் இருக்காது.

இன்வாய்ஸில் லாரி எண் அச்சாகியிருந்தால் அதைப் பேனாவால் அடித்துத் திருத்துகிறார்கள். இதுவும் வேண்டாத வேலை. இன்வாய்ஸில் கட்டாயம் இருக்க வேண்டியவற்றைச் சொல்லும் விதி 46-இல் வண்டி எண் இல்லை. பில்லில் இரண்டு வரியும் இருப்பதால் இன்வாய்ஸ் பழைய எண்ணோடு இருந்தாலும் கதை பொருந்துகிறது. எல்.ஆர். நம்முடைய தாள். அதில் வண்டி மாறிய இடம், நேரம், புது எண் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்துப் போடலாம், போடவும் வேண்டும். பெட்டி எண்ணிக்கையையும் எழுதச் சொல்லுங்கள். ராத்திரியில் ஏற்றி இறக்கும்போது பெட்டி குறைந்தால் பிறகு சண்டை அதில்தான் வரும்.

டிரெய்லர் வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகம் ஒன்று. கண்டெய்னர் அப்படியே இருக்க, இழுக்கும் தலைவண்டியை மட்டும் மாற்றினால் பதிவு வேண்டுமா? வேண்டும். பில்லில் இருப்பது தலைவண்டியின் எண். மாறாக, நின்ற லாரியைச் சரக்கோடு மெக்கானிக் கடைக்கு இழுத்துப்போய்ச் சரிசெய்து அதே லாரி தொடர்ந்தால் எதையும் மாற்ற வேண்டாம்.

ஒரு லாரிக்குப் பதில் இரண்டு

அன்றிரவு 2063 கிடைக்காமல் இரண்டு சின்ன வண்டிகள்தான் கிடைத்தன என்றால் மேலே சொன்ன படிவம் உதவாது. அதில் ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம். இதற்கென்று `Change to Multi Vehicle` என்று தனி மெனு இருக்கிறது. அதில் மாற்றும் இடம், போய்ச் சேரும் இடம், காரணம், மொத்த அளவு ஆகியவற்றைக் கொடுத்து, பிறகு வண்டிக்கு வண்டி எண்ணும் அளவும் சேர்க்க வேண்டும். 70 பெட்டி ஒரு வண்டியில், 50 பெட்டி இன்னொன்றில் என்றால் பெட்டிக்கு 35 வீதம் 2,450-ம் 1,750-ம். கூட்டினால் 4,200 வர வேண்டும். இன்வாய்ஸில் அலகு உருப்படியாக இருக்கும்போது இங்கே பெட்டிக் கணக்கைப் போட்டால் குழப்பம்தான். இரண்டு டிரைவர்களிடமும் இன்வாய்ஸின் நகலும் புதிய அச்சும் இருக்க வேண்டும்.

பார்சல் சர்வீஸ்காரர்களுக்கு எதிர்ப்பக்கப் பிரச்சினை: ஒரு லாரியில் அறுபது பேருடைய சரக்கு, அறுபது பில்கள். ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினால் விடிந்துவிடும். புறப்படும்போதே அவற்றை ஒருங்கிணைந்த இ-வே பில்லாகச் சேர்த்திருந்தால், `Consolidated EWB` மெனுவில் `Re-Generate` மூலம் புது எண்ணை ஒரே தடவை கொடுத்தால் போதும், எல்லாப் பில்லிலும் ஏறிவிடும். ஆனால் ஒருங்கிணைந்த பில்லுக்கென்று தனி ஆயுள் கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பில்லின் கெடுவும் அதனதன் கணக்கில்தான் ஓடுகிறது.

ஆயுள் நீள்வதில்லை

வண்டி எண்ணைப் புதுப்பித்ததும் பில்லுக்குப் புது உயிர் வந்துவிட்டதாக நினைக்கிறவர்கள் நிறைய. பகுதி பி-யை எத்தனை முறை மாற்றினாலும் சனிக்கிழமை நள்ளிரவு சனிக்கிழமை நள்ளிரவுதான். நம் லோடுக்குப் போதிய நேரம் இருந்தது. மாற்று வண்டி கிடைக்காமல் கூட்டியிலேயே நான்கு நாள் நின்றிருந்தால் `Extend Validity` பக்கம் போக வேண்டியிருக்கும்.

அதற்கு ஒரு குறுகிய வாசல் உண்டு: கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் எட்டு மணி நேரம் பின்னும். நம் லோடுக்குச் சனி மாலை நான்கு மணியிலிருந்து ஞாயிறு காலை எட்டு மணிவரை. நடுவில் வரும் ராத்திரியில்தான் எல்லோரும் தூங்கிப்போகிறார்கள். நீட்டிக்கும்போது சரக்கு இப்போது ஓடும் வண்டியில் இருக்கிறதா, ஓரிடத்தில் நிற்கிறதா என்று கேட்கும். நிற்கிறது என்றால் அந்த இடத்தின் முகவரியும் பின்கோடும் தர வேண்டும். அங்கிருந்து மிச்சமுள்ள தூரத்துக்குத் தக்கபடி நாள் கிடைக்கும். 300 கி.மீ. என்றால் இரண்டு நாள் கணக்கு. இதையும் நடப்பு டிரான்ஸ்போர்ட்டர்தான் செய்ய முடியும். எட்டு மணியைத் தவறவிட்டால் அந்தப் பில்லை உயிர்ப்பிக்க முடியாது. வண்டியை நகர்த்தாமல் நிறுத்தி வைத்து, சரக்குக்காரரையும் அவருடைய கணக்காளரையும் கூப்பிட்டுப் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஐதராபாத்தில் கடைசி டெம்போ

2063 புதன் மதியம் ஐதராபாத்தில் நம் கிளைக் கிடங்குக்கு வந்து இறக்கிவிட்டது. அங்கிருந்து கடைக்காரரிடம் பெட்டிகளை டெம்போவில் அனுப்ப வேண்டும். மறுபடியும் வண்டி மாறுகிறது. ஆனால் இங்கே பதிவு தேவையில்லை. டிரான்ஸ்போர்ட்டரின் தொழிலிடத்திலிருந்து பெறுபவரின் தொழிலிடத்துக்கு, அதே மாநிலத்துக்குள், 50 கி.மீ.வரை போகும் கடைசி ஓட்டத்துக்கு வண்டி எண்ணை மாற்ற வேண்டியதில்லை என்று விதியே விலக்குத் தருகிறது.

இந்த விலக்கை நெடுஞ்சாலைக்கு இழுக்கக் கூடாது. ஊருக்கு 30 கி.மீ. முன்னால் ரோட்டோரத்தில் லாரி நின்று, அங்கேயே டெம்போவுக்குச் சரக்கை மாற்றினால், தூரம் ஐம்பதுக்குள் இருந்தாலும் கிளம்பும் இடம் நம் கிடங்கு இல்லை. அப்போது `Update Part B/Vehicle` திறந்து, டெம்போவின் எண்ணைப் போட்டுவிட்டுத்தான் முதல் பெட்டியை இறக்கச் சொல்ல வேண்டும்.